இரண்டு புள்ளிகளுக்கு நடுவே

பம்ப் ஓடத் தொடங்கி அரை நாளாகியும் மேட்டுக் குடியிருப்புக்குத் தண்ணீர் ஏறவில்லை. பம்ப் அறையில் அழுத்தமானி முள் உச்சத்தில் போய் நின்றுவிட்டது.

"குழாயில எங்கயோ அடைப்பு. தோண்டிப் பாருங்க!" என்று மேலதிகாரி போனில் கத்திக்கொண்டிருந்தார்.

போனைக் காதில் வைத்திருந்த பெண் பொறியாளர் அலுவலகக் கணினி முன் உட்கார்ந்திருந்தாள்; குழாய் போகும் வழியின் ஏற்ற இறக்கத்தை வரைந்து கொடுத்தவள் அவள்தான். கணினியில் அதே பாதையை மறுபடி ஓட்டினாள். போன தடவை அவசரத்தில் ஐந்நூறு மீட்டருக்கு ஒரு புள்ளியில்தான் உயரம் எடுத்திருந்தாள். அரை கிலோமீட்டருக்குள் எதுவும் எழும்பாது என்று எந்த மலை இவளிடம் எழுதிக் கொடுத்தது? கோடு வழவழவென்று வந்ததும், செங்குத்தே இல்லையென்று எல்லோரும் கைகுலுக்கினார்கள். அதை நம்பித்தான் பம்பையும் வாங்கினார்கள்.

இப்போது பத்து மீட்டருக்கு ஒரு புள்ளி எடுத்தாள். பழைய இரண்டு புள்ளிகளுக்கு நடுவே ஒரு மேடு சுவர் மாதிரி எழுந்தது. ஏறும் பக்கமும் இறங்கும் பக்கமும் செங்குத்தைக் காட்டும் சிவப்பு. அதன் உச்சி, பம்ப் தள்ளக்கூடிய உயரத்தைவிட முப்பது மீட்டர் கூடுதல்.

போன் அடித்தது. மேட்டுக் குடியிருப்பிலிருந்து அக்கா.

"ஏண்டி, காலைல குழாயில காத்து புஸ்ஸுன்னு வந்துச்சு, இப்ப அதுவும் நின்னுபோச்சு. என் தங்கச்சி போட்ட லைன்னு ஊர் பூரா சொல்லிட்டேன். தெருவே குடத்தோட நிக்குது. இன்னும் எவ்வளவு நேரம்டி?"

அவள் சிவப்பையே பார்த்தாள்.

"அக்கா... நீ மொதல்ல குடத்தை உள்ள எடுத்து வை."