ஒரு வாரம், ஒரு ஆள்

அத்தான் காட்டிய கடைசி ஸ்லைடில் சூரியன் மறைந்துகொண்டிருந்தது. அதன்மேல் கொட்டை எழுத்தில் 'நன்றி'. கீழே பொடி எழுத்தில் வங்கிக் கணக்கு எண், 'எங்கள் இல்லத்துக்கு ஒருமுறை வாருங்கள்', 'எங்கள் பக்கத்தைப் பின்தொடருங்கள்', 'திறமைக்கு வாய்ப்பளியுங்கள்'.

"என்ன அத்தான் இது? இன்னும் யாரும் ஒண்ணுமே குடுக்கல, அதுக்குள்ள எதுக்கு நன்றி?" என்றேன்.

"மரியாதையா முடிக்கணும் இல்லியா?"

"முடிக்கறதுக்கா போறீங்க? கேக்கத்தானே போறீங்க!"

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அக்கா கல்யாணமாகிப் போனபோது நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன். அந்த உரிமையில் அத்தானை இன்றுவரை அதட்டிக்கொண்டிருக்கிறேன். அவரும் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொள்வார். பாவம், அவருக்கு அது பழகிப் போய்விட்டது.

அத்தான் ஒருகாலத்தில் தகரப் பெட்டிகள் செய்யும் தொழிற்சாலை வைத்திருந்தார். ஒருநாள் அங்கே சங்கிலியில் தொங்கிய தகட்டுக் கட்டு நழுவி ஒரு வெல்டரின் முதுகில் விழுந்தது. அவருக்கு இடுப்புக்குக் கீழே எல்லாம் போயிற்று. பிறகு அத்தான் தொழிற்சாலையை விற்று, அந்தப் பணத்தில் முதுகுத்தண்டு அடிபட்டவர்களுக்கு ஓர் இல்லம் தொடங்கினார். முதலில் சேர்ந்தது அந்த வெல்டர்தான். ஊரே அத்தானைத் தெய்வம் என்கிறது. அக்கா மட்டும் அந்தத் தெய்வத்தைக் குப்பை கொட்டிவிட்டு வரச் சொல்வாள்.

இல்லத்தில் படுத்த படுக்கையாக வந்தவர்கள் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் வரைபடம் போடவும், பில் போடவும், பொருள்களின் அளவு சரிபார்க்கவும் கற்றிருந்தார்கள். கற்று என்ன பயன்? ஒருவருக்கும் வேலை கிடைக்கவில்லை. வேலை இல்லாவிட்டால் அண்ணன் வீட்டு மூலையில் மறுபடி ஒரு கட்டில்தான். அந்த நேரம் பார்த்துத்தான் தொழிற்சாலை முதலாளிகள் சங்கம் தன் கூட்டத்தில், மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் பேச அத்தானுக்குக் கொஞ்ச நேரம் கொடுத்திருந்தது. அவரும் ஒருகாலத்தில் அதே சங்கத்தில் உறுப்பினராக இருந்தவர்.

கம்பெனிகளுக்கு விற்பனை ஸ்லைடு செய்து கொடுப்பது என் பிழைப்பு. அதனால் அந்த வாரம் தினமும் இல்லத்துக்குப் போனேன். லேப்டாப்பில் உட்கார்ந்து நான் சொல்லச் சொல்ல மாற்றியவர் வெல்டர். எல்லாருக்கும் அதுதான் அவர் பெயர். வேலை அத்தனை சுத்தம். எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவே இடைவெளி கொஞ்சம் பிசகினாலும் நான் வாய் திறப்பதற்குள் சரிசெய்துவிடுவார்.

"அத்தான், நாலு விஷயம் கேட்டீங்கன்னா, இருக்கறதுலயே சுலபமானத செஞ்சுட்டு நல்லவங்களா வீட்டுக்குப் போயிடுவாங்க. போன எடுத்து உங்க பக்கத்துக்கு ஒரு லைக். அவ்வளவுதான், கணக்கு முடிஞ்சுது. அவங்க கையில என்ன இருக்கு? வேலை. அத மட்டும் கேளுங்க."

"வேலை குடுங்கன்னு நேரா எப்படிக் கேக்கறது, சின்னவளே?"

"வாயால!"

வெல்டர் குனிந்து சிரித்தார். நான் சூரியனைத் தூக்கிப் போட்டேன், கணக்கு எண்ணைத் தூக்கினேன், நன்றியையும் தூக்கினேன். 'வேலை கொடுங்கள்' என்றால் ஆயுள் முழுக்கவா என்று பயப்படுவார்கள், அதனால் ஒரு வாரம் என்று சுருக்கினேன். வண்டிக்கு என்ன செய்வது, படிக்கு என்ன செய்வது என்று யாரும் தப்பிக்க முடியாதபடி அதற்கும் ஒரு வரி. யார் என்ன செய்யவேண்டும், எதற்குள் என்பது மட்டும் ஸ்லைடில் மிச்சம் இருந்தது.

"மேடம், சூப்பர்வைசர் பேரு வாங்கணும்," என்றார் வெல்டர். "முதலாளி சரின்னு சொன்னா மட்டும் பத்தாது. யாரப் பாக்கணும்னு பேரு தெரியலேன்னா கேட்லயே நிறுத்திடுவாங்க. தேதியும் வேணும். தேதி இல்லேன்னா அப்புறம் வான்னு சொல்லிடுவாங்க."

"பாத்தீங்களா அத்தான், இவருக்கு இருக்கற மூளை உங்களுக்கு இல்லியே!"

அத்தான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "பேரு, தேதியெல்லாம் வேணாமே. கழுத்தப் பிடிக்கற மாதிரி இருக்கு. 'விருப்பமிருந்தால்'னு ஒரு வார்த்தை சேத்துடலாம்."

"சேத்தா எல்லாருக்கும் விருப்பமில்லாமப் போயிடும். தேதி சொல்லாத சரி, சரியே இல்ல. உங்களுக்குக் கேக்கத் துப்பில்லேன்னா சும்மா இருங்க அத்தான். அந்த ஸ்லைடு கேக்கும்."

வெல்டர் எதிரில்தான் சொன்னேன்.

கடைசியில் ஸ்லைடு இப்படி நின்றது:

*ஒரு வாரம். ஒரு ஆள்.*
*எங்களில் ஒருவருக்கு உங்கள் தொழிற்சாலையில் ஒரு வாரம் வேலை கொடுத்துப் பாருங்கள்.*
*சூப்பர்வைசர் பெயர், தொடங்கும் தேதி இரண்டையும் மேசையிலுள்ள அட்டையில் எழுதி, சாப்பிடப் போகும் முன் எங்களிடம் கொடுங்கள்.*
*போக்குவரத்தும் படிகளுக்குச் சாய்வுப் பலகையும் எங்கள் பொறுப்பு.*

எனக்கே என்னைத் தட்டிக்கொடுக்கலாம் போல இருந்தது.

கூட்டம் நடந்தது ஓர் ஓட்டல் மண்டபத்தில். வட்ட மேசைகள், ஒவ்வொன்றிலும் நான் அச்சடித்த அட்டைகள், பக்கத்தில் பேனா. கதவுக்கு அப்பால் தட்டுகள் அடுக்கும் சத்தம் கேட்டது. அத்தான் நன்றாகவே பேசினார். கடைசி ஸ்லைடு வந்ததும் அதை வாசித்துவிட்டு நிறுத்தினார். கேள்வி நேரம் முழுக்க அதே ஸ்லைடு திரையில் நிற்கட்டும் என்று வெல்டரிடம் முன்பே சொல்லி வைத்திருந்தேன். சிலர் பேனாவை எடுத்தார்கள்.

முன்வரிசையில் பம்பு தயாரிப்பவர் ஒருவர், மைக் தேவையில்லாத குரல், எழுந்து நின்றார்.

"நல்ல விஷயம். ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. லேப்டாப்ல உக்காந்திருக்காரே, அவருக்கு உங்க கம்பெனிலதான அடிபட்டுது?"

"ஆமா."

"அதுக்கப்புறமும் கொஞ்ச வருஷம் கம்பெனி ஓடுச்சு. அப்ப நீங்க இவருக்கு வேலை குடுத்தீங்களா?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. இந்த மனுஷனுக்கு என்ன திமிர், கம்பெனியையே விற்று இல்லம் கட்டியவரைப் பார்த்து! நாலு வார்த்தை நறுக்கென்று சொல்ல நாற்காலியைப் பின்னால் தள்ளினேன். அதற்குள் அத்தான் மைக்கை வாயருகே கொண்டுபோயிருந்தார்.

"இல்ல," என்றார். "குடுக்கல."

மண்டபத்தில் பேனாக்கள் நின்றன.

"ஆஸ்பத்திரிலேர்ந்து வந்ததும் ரெண்டு தடவ வேலை கேட்டு வந்தான். அவங்க தம்பி ஆட்டோல வச்சுக் கூட்டிட்டு வந்தான். முதல் தடவ, பாக்கலாம்னு சொல்லி அனுப்பினேன். யாரப் பாக்கணும், எப்ப வரணும், ஒண்ணும் சொல்லல. ரெண்டாவது தடவ கேட்ல நிறுத்திட்டாங்க. நான் உள்ளதான் இருந்தேன். கண்ணாடி வழியாப் பாத்தேன். வெளிய போகல." மைக் கொஞ்சம் இறங்கியது. "அவன தினம் பாக்க எனக்குத் தெம்பில்ல. அவ்வளவுதான்."

அந்தப் பேரும் தேதியும் எங்கிருந்து வந்தன என்று அப்போதுதான் தெரிந்தது. அத்தானின் கேட்டிலிருந்து. வெல்டர் அதைச் சொன்னபோது, ஆகா என்ன மூளை என்று கொஞ்சியிருக்கிறேன். உங்களுக்குத் துப்பில்லை என்று அவர் முன்னாலேயே அத்தானைச் சொல்லியிருக்கிறேன். இருவரும் வாயை மூடிக்கொண்டு என் சாமர்த்தியத்தைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள். மேசைக்கு அடியில் புகுந்துகொள்ளலாமா என்றிருந்தது.

"அப்ப நீங்களே செய்யாதத எங்கள மட்டும் செய்யச் சொன்னா எப்படிங்க?" என்றார் பம்புக்காரர். நாலைந்து பேர் தலையாட்டினார்கள். ஒருவர் பேனாவை மூடி அட்டைமேல் வைத்துவிட்டார். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

வெல்டர் சக்கர நாற்காலியை நகர்த்தி மேசைக்கு முன்னால் வந்தார். மைக் கேட்கவில்லை.

"சார், அவரு குடுக்கலேன்னு நீங்களும் குடுக்காம விட்டீங்கன்னா, ரெண்டு தடவையும் நஷ்டம் எனக்குத்தான் சார்."

பம்புக்காரர் தொப்பென்று உட்கார்ந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு அட்டையில் எழுதினார். வெல்டர் அவர் மேசைக்குப் போய் வாங்கிப் பார்த்தார்.

"தேதி போடல சார்."

"போன் பண்ணிச் சொல்றேன்பா."

வெல்டர் அட்டையை நீட்டியபடியே இருந்தார். சிரிக்கவும் இல்லை, கெஞ்சவும் இல்லை. பம்புக்காரர் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், பிறகு தேதியைப் போட்டார். அதற்கப்புறம் மற்ற மேசைகளிலும் பேனாக்கள் அசைந்தன. எல்லாரும் இல்லை. பாதிப் பேர் நேராகச் சாப்பாட்டுக்குப் போனார்கள்.

அத்தான் சாப்பிடவில்லை. வராந்தாவில் சுவரோரம் நின்றிருந்தார். பக்கத்தில் போய் நின்றேன்.

"எங்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாமே அத்தான்."

"வெக்கமா இருந்துச்சு," என்றார். "மன்னிப்பு கேக்க வேண்டிய நேரத்துல இல்லம் கட்டிட்டேன். எல்லாரும் கைதட்டினாங்க. அதுக்கப்புறம் கேக்கவே முடியல."

"இப்பவாவது போய்க் கேளுங்களேன்" என்று நாக்கு நுனிவரை வந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக அத்தானை அதட்ட எனக்கு வாய் வரவில்லை. மண்டபத்துக்குள் திரும்பிவிட்டேன்.

வெல்டர் ஒயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார். எழுதிய அட்டைகள் மடியில் இருந்தன, எழுதாதவை மேசைமேல். நான் ப்ரொஜெக்டரை அணைத்தேன்.

"அசத்திட்டீங்க," என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"ஸ்லைடு நல்லா இருந்துச்சு மேடம்." ஒயரைப் பையில் வைத்தார். பிறகு மேசையிலிருந்து காலி அட்டை ஒன்றை எடுத்து, நாசூக்காகத் துடைத்து, என் முன்னால் வைத்தார். "உங்க ஆபீஸ்ல ஸ்லைடுக்கு லேஅவுட் போடற பையன் நின்னுட்டான், ஆள் கிடைக்கலேன்னு போன்ல சொல்லிட்டிருந்தீங்க. ஒரு வாரம் நான் வந்து பாக்கட்டுமா?"

என் ஆபீசில் சூப்பர்வைசர் கிடையாது, நான்தான். தேதி யாரையும் கேட்க வேண்டியதில்லை. இந்த ஒரு வாரமாக அவர் வேலையை என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். பேனாவும் என் கையில்தான் இருந்தது.

"அய்யோ, எங்க ஆபீஸ் ரெண்டாவது மாடியாச்சே," என்றது என் வாய். "லிஃப்ட்கூட இல்ல. கீழ எடம் ஏதாவது கிடைச்சா கண்டிப்பா…"

அவர் என்னிடம் தேதி கேட்கவில்லை.

"சரி மேடம்," என்று அட்டையை எடுத்து, எழுதாத அட்டைகளோடு சேர்த்து வைத்தார்.