அறுபதே போதும்

பூசான் பல்கலைக்கழகத்தில் எங்கள் கணினி விளையாட்டுக் குழுவில் சேர்ந்த முதல் நாள், என் கணினியைச் சரிசெய்து கொடுத்தவள் கயோங் அக்கா. இறுதியாண்டு மாணவி. நான் அதுவரை கணினியில் சீட்டு விளையாட்டு மட்டுமே ஆடியவள்.

"திரையில ஓடுறது எல்லாமே அசையாத படங்கள்தான்டி. நொடிக்கு எத்தனை படம் மாறுதோ, அதைத்தான் எஃப்.பி.எஸ்.னு சொல்றோம். உன் சீட்டாட்டத்துக்கு முப்பது தாராளம். ஓடித் தாவுற ஆட்டத்துக்கு அறுபது இருந்தா வழுக்கிட்டுப் போகும்."

"சுடுற ஆட்டத்துக்கு?"

"அதுக்கும் அறுபதே போதும். அதுக்கு மேல கண்ணுக்குத் தெரியாதுடி."

நம்பினேன். சொன்னது அக்கா ஆயிற்றே.

இரண்டு மாதத்தில் சுடும் ஆட்டத்தில் பைத்தியமாகிவிட்டேன். போட்டிக்குப் போகும் அணியில் ஐந்தாவது இடம் காலி. அதற்கு அக்காவும் நானும்தான் மோதினோம். மூலை திரும்பும்போதெல்லாம் அவள் என்னைச் சுட்டுவிட்டிருப்பாள். எனக்கே என் கை மீது வெறுப்பு வந்தது. மூன்று முறை கேட்டிருந்தேன், "என் மிஷின்ல ஏதும் கோளாறா அக்கா?" மூன்று முறையும் எட்டிப் பார்த்து, "ஒண்ணும் இல்ல, பழகு" என்றாள். திரை ஓரத்தில் எஃப்.பி.எஸ். எண் 240 என்று காட்டியது. நானும் வாயை மூடிக்கொண்டேன்.

நேற்று மதியம் தேர்வு ஆட்டம். அக்காவிடம் பதிமூன்றுக்கு ஒன்பது என்று தோற்றேன். அவள் பெயரோடு அணிப் பட்டியல் போட்டி நடத்துபவர்களுக்கு உடனே போய்விட்டது. பிறகு கிம்பாப் சோற்றுச் சுருளைத் தின்றுகொண்டே என் நாற்காலியில் உட்கார்ந்த குழுத் தலைவர் சங்குன், சுட்டியைச் சும்மா வட்டமாகச் சுழற்றினார்.

"என்ன இது, அம்புக்குறி விட்டுவிட்டுக் குதிக்குது? உன் திரை அறுபதுல நிக்குது."

"அங்க 240ன்னு காட்டுதே அண்ணா."

"அது கணினி வரையுற படத்தோட கணக்கு. திரை நொடிக்கு அறுபது தடவைதான் புதுப்பிக்குது, மிச்சம் பெரும்பாலும் வீண். சீட்டாட்டத்துல தெரியாது. மூலையில நேருக்கு நேர் வந்தா, 240ல ஆடுற எதிராளி உன்னைவிட ஒரு கண்சிமிட்டலுக்கும் குறைவான நேரம் முன்னாடியே பார்த்துடுவான். சுடுற ஆட்டத்துல அதுவே போதும். இது 240க்குப் போற திரை. யார் இப்படி வெச்சது?"

நான் பக்கத்து இருக்கையில் இருந்த அக்காவைத்தான் பார்த்தேன். அவள் திரையில் அம்புக்குறி வழுக்கிக்கொண்டு போனது.

"மறந்துட்டேன்னு சொல்லுங்க அக்கா," என்றேன். என் குரல் எனக்கே அசிங்கமாக இருந்தது. "சொன்னா நம்பிடுறேன்."

கயோங் ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தாள். நம்ப வைத்துக் கழுத்தறுப்பவர்களின் முகம் வேறு மாதிரி இருக்கும் என்று நினைத்திருந்தேன். அவள் முகத்தில் தூக்கமின்மை மட்டுமே இருந்தது.

"முதல் நாள் நிஜமாவே சீட்டாட்டத்துக்குன்னுதான் அறுபதுல வெச்சேன். சுடுற ஆட்டத்துக்கு நீ வருவேன்னு நினைக்கல," என்றாள். "நீ முதல் தடவை கேட்டப்பவே மாத்தியிருக்கலாம். ஆனா அறுபதுலயே நீ என்னை நெருங்கிட்டடி. 240 குடுத்தா எனக்கு என்ன மிஞ்சும்?"