நூறைத் தாண்டிய நாற்பது பேர்

எங்கள் ஓய்வூதிய வாரியத்தின் ஆயுள் அட்டவணைப்படி நூறு வயதுக்கு மேல் யாரும் உயிரோடு இருக்க முடியாது. நாற்பது வருடங்களுக்கு முன் அதைத் தயாரித்தவர்கள் கடைசி வரியில் எல்லோரையும் ஒரேயடியாகச் சாகடித்துவிட்டார்கள். அன்றைக்கு நூறைத் தாண்டியவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம், அதனால் அது தப்பாகவும் தெரியவில்லை. இன்றைக்கோ இரண்டாயிரத்துச் சொச்சம் பேர் செத்துப்போன வயதில் மாதாமாதம் எங்களிடம் பென்ஷன் வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

"எல்லாம் போலி" என்றார் இயக்குநர். எந்த ஃபைல் போனாலும் "கொஞ்சம் ஆறப்போடுங்க" என்பதால் அவருக்கு எங்களுக்குள் ஆறப்போடு என்றே பெயர். "அப்பன் செத்ததை மறைச்சு மகன் வாங்கித் தின்னுட்டு இருப்பான். நாப்பது பேரை மட்டும் நேர்ல பாத்துட்டு வாங்க."

நான் சரிபார்ப்பு அலுவலர். முப்பத்துநான்கு வருடமாக உயிரோடிருப்பதை உறுதிசெய்வதுதான் பிழைப்பு.

கணக்குப் பிரிவின் தலைவி, நாங்கள் கணக்கம்மா என்று கூப்பிடுகிறவர், மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார். "இந்த ரெண்டாயிரம் பேரால ஒண்ணும் குடி முழுகிடாது சார். ஆனா இவங்க நிஜம்னா அட்டவணை மொத்தமுமே தப்பு. எழுபதுலயும் எண்பதுலயும் இருக்கறவங்களும் நாம போட்டதை விட அதிக நாள் இருக்கப்போறாங்க. அவங்க லட்சக்கணக்குல இருக்காங்க. அப்ப ஓய்வு வயசை அறுபத்திமூணாக்கச் சொல்லித்தான் நான் எழுதணும். போலின்னா அறுபதே இருக்கட்டும்."

எனக்கு அறுபதாக எட்டு மாதம் இருந்தது.

என் மனைவி நர்ஸ், என்னைவிட இரண்டு வயது மூத்தவள். அவளுக்குக் கடலோர ஊரில் வேலை, எனக்கு இங்கே, ஒற்றை அறையில் வாசம். இருபத்தாறு வருடமாகச் சனி, ஞாயிறு தம்பதிகள் நாங்கள். அவள் போன வருடம் ஓய்வு பெற்று, அந்த ஊரிலேயே ஒரு சின்ன வீட்டைப் பிடித்து, எனக்கென்று ஒரு நாற்காலி வாங்கிப் போட்டுக் காத்துக்கொண்டிருந்தாள். அறுபத்திமூன்று என்றானால் அந்த எட்டு மாதம் மூன்று வருடம் எட்டு மாதமாகிவிடும்.

வாசல்வரை வந்த ஆறப்போடு குரலைத் தணித்துக்கொண்டார். "பிறப்புச் சான்று இல்லாத கேஸையெல்லாம் சந்தேகம்னு போட்டுடுங்க. விதி அதுக்கு இடம் கொடுக்குது. உங்களுக்கும் நல்லது."

நூறு வருடத்துக்கு முன் பிறந்தவர்களில் எத்தனை பேரிடம் சான்று இருக்கும்? நாற்பதில் முப்பதைச் சந்தேகம் என்று தள்ளிவிடலாம். சத்தியமாகச் சொல்கிறேன், அதைச் செய்யும் எண்ணத்தோடுதான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

முதல் வாரத்திலேயே ஒரு போலி சிக்கியது. மாமனார் போய் நாலு வருடமாகியும் மருமகன் வாங்கிக்கொண்டிருந்தார். எனக்கு வந்த சந்தோஷத்தை வெளியே சொல்ல வெட்கம். அப்புறம் இரண்டு பேர் இறந்திருந்தார்கள். குடும்பத்தார் ஒழுங்காகத் தகவல் அனுப்பியிருந்தார்கள், கடிதம்தான் எங்கள் அலுவலகத்தில் ஆறிக்கொண்டிருந்தது.

முப்பத்தொன்பது வீடு முடிந்தபோது மற்ற முப்பத்தாறு பேரும் உயிரோடு இருந்தார்கள். ஒருவர் மாடியிலிருந்து இறங்கிவந்து கதவைத் திறந்தார். ஒரு பாட்டி படுத்த படுக்கைதான், ஆனால் என் பேனா மூடியைக் காணவில்லை என்று நான் தேடியபோது கட்டிலுக்கடியில் கிடப்பதை அவர்தான் காட்டினார். சந்தேகம் என்ற கட்டத்தை மட்டும் காலியாகவே விட்டுக்கொண்டு வந்தேன், கடைசியில் சேர்த்து நிரப்பிக்கொள்ளலாம் என்று.

நாற்பதாவது வீட்டில் தலை முழுக்க நரைத்த ஒருவர் கதவைத் திறந்தார். நான் ஃபைலைப் பிரித்து, "வயசு நூத்திமூணு, சரிதானே?" என்றேன்.

"எனக்கு எழுபத்தெட்டு. அது அம்மா. உள்ள இருக்காங்க."

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அம்மா முன்னாள் தொலைபேசி ஆபரேட்டர். முப்பத்தொரு வருடம் வேலை, நாற்பத்துமூன்று வருடம் பென்ஷன். மகன் அச்சகத்தில் இருந்து பதினெட்டு வருடத்துக்கு முன் ஓய்வு பெற்றவர். அவருக்கும் எங்களிடமிருந்துதான் பணம்.

"டேய், அவருக்குத் தண்ணி குடு" என்றார் அம்மா. எழுபத்தெட்டு வயது 'டேய்' எழுந்து போனார்.

பிறப்புச் சான்று இல்லை. கையெழுத்துக் கேட்டேன். என் படிவத்தைத் தொடைமேல் வைத்து, நிதானமாக, கடைசி எழுத்தின் வாலை மேலே சுழற்றிக் கோடாக இழுத்துப் போட்டார். ஃபைலில் நாற்பத்துமூன்று வருடத்துக்கு முந்தைய கையெழுத்தைப் பக்கத்தில் வைத்தேன். கை நடுங்கியதைத் தவிர அதே வால், அதே சுழி. அந்தக் கையெழுத்து போடப்பட்டபோது எனக்குப் பதினாறு வயது.

"அம்மா கட்டின காசு எப்பவோ தீர்ந்திருக்குமே சார்" என்றார் மகன். "இப்ப வர்றது எங்கேருந்து?"

"கட்டின மாசமே அது செலவாயிடுச்சுங்க. அன்னிக்கு ஓய்வுல இருந்தவங்களுக்குப் போச்சு. யார் பேர்லயும் தனியா பெட்டி கிடையாது. இன்னிக்கு வேலை செய்யறவங்க கட்டறதை இன்னிக்கே பிரிச்சுக் கொடுக்கறோம்."

அப்போது சீருடையோடு ஒரு பெண் உள்ளே வந்தாள். மகனுடைய ஒரே மகள், பஸ் ஓட்டுகிறவள், நாற்பத்தைந்து வயதிருக்கும். நாங்கள் பேசியதைச் செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்டிருந்தாள்.

"அப்ப இவங்க ரெண்டு பேருக்கும் நான்தான் கட்டறேனா?"

"நேரா இல்லம்மா. எல்லார் காசும் ஒண்ணா சேர்ந்துதான் போகுது. உங்க பாட்டி ஓய்வு பெற்றப்போ ஒரு பென்ஷனுக்கு ஆறு பேர் கட்டினாங்க. இப்ப ரெண்டு பேர்தான்."

"எனக்குக் குழந்தை இல்ல. என் டிப்போல பாதிப் பேருக்கு ஒண்ணு, இல்லைன்னா அதுவும் இல்ல. நாளைக்கு எங்களுக்கு யாரு கட்டுவா?"

கணக்கம்மா சொல்லியிருந்ததைத்தான் சொன்னேன். சம்பளப் பிடித்தத்தைக் கூட்டலாம், பென்ஷனைக் குறைக்கலாம், வரிப்பணத்தை எடுத்துப் போடலாம், இல்லையென்றால் ஆட்களை லேட்டாக வீட்டுக்கு அனுப்பலாம். எதைத் தொட்டாலும் யாருக்காவது வலிக்கும்.

"தள்ளிப்போட்டா?"

"மொத்த வலியும் உங்க தலையில விடியும்."

அவள் பாட்டியின் கால்மாட்டில் உட்கார்ந்து, வீங்கியிருந்த பாதத்தை எடுத்து மடியில் வைத்துப் பிடித்துவிட ஆரம்பித்தாள். எதிரே அவளுடைய அப்பா தண்ணீர்ச் சொம்போடு நின்றார். மூன்று பேர், இரண்டு பென்ஷன், ஒரு சம்பளம். கணக்கம்மாவின் அத்தனை பக்கங்களும் அந்த அறைக்குள் அடங்கிவிட்டன. அது பெரிய சிக்கல்தான். ஆனால் மனிதர்கள் சாகாமல் இருக்கிறார்கள் என்பதால் வந்த சிக்கல். இப்படியொரு நல்ல காரணத்துக்காக எந்த அரசாங்கமாவது திண்டாடியிருக்குமா என்று நினைத்தேன்.

"உனக்கென்ன வயசு?" என்றார் அம்மா என்னிடம்.

"அம்பத்தொன்பது."

"உழைக்கிற வயசு" என்றார்.

வீட்டு வாசலில் நின்றபடியே படிவங்களை நிரப்பினேன். போலி ஒன்று, மரணம் இரண்டு, உயிரோடிருப்பவர்கள் முப்பத்தேழு. சந்தேகம் என்ற கட்டத்தில் சுழியம் போட்டேன்.

அறிக்கையைப் பார்த்து ஆறப்போடு முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டார். கணக்கம்மா மட்டும் எழுந்து நின்று வாங்கிக்கொண்டார். மாதக் கடைசியில் அறிவிப்பு வந்துவிட்டது, ஓய்வு வயது அறுபத்திமூன்று.

மனைவிக்குப் போன் செய்து ஒன்று விடாமல் சொன்னேன். சுழியத்தையும் சொன்னேன்.

"நீங்களே எழுதிக் கொடுத்தீங்களா?"

"ஆமா. எல்லாரும் உயிரோட இருக்காங்க, நான் என்ன செய்ய?"

"எனக்கு அழுகையா வருது" என்றாள். அழவும் செய்தாள். அப்புறம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள். "என் பென்ஷன் உங்க சம்பளத்துல பிடிக்கிறதுலேருந்துதானே வருது?"

"உன்னுதுன்னு தனியா இல்ல, எல்லார் சம்பளமும்..."

"பாடம் நடத்தாதீங்க. காசு அங்கேருந்து இங்க வருதுல்ல, ஆள் இங்கேருந்து அங்க வரக்கூடாதா? வீட்டைக் காலி பண்றேன். உங்க ரூம்ல ரெண்டாவது கட்டில் போட இடம் இருக்கா, அளந்து சொல்லுங்க."