தவிடு குடிக்கும் தண்ணீர்

பந்தல்குடி ரோட்டோரம் பரோட்டா கடை வைத்திருக்கிறேன். சர்க்கரை வந்த லாரி டிரைவர்கள் நச்சரிக்கிறார்களே என்று 'கோதுமைப் பரோட்டா கிடைக்கும்' என்று போர்டு எழுதி மாட்டினேன். போர்டு மாட்டுவது சுலபம். மாஸ்டர் பால்பாண்டிக்கோ இருபது வருசமாக மைதா பிசைந்த கை.

முதல் நாள் மைதாவுக்கு ஊற்றும் அதே அளவு தண்ணீரை ஊற்றினார். மாவு விரிக்க விரிக்க வெடித்தது. வெந்ததைக் கடித்துப் பார்த்த ஒரு டிரைவர், "அண்ணாச்சி, டயருக்கு அடியில அண்டக் குடுக்க ரெண்டு பார்சல்" என்றார்.

"கோதுமையில தவிடு இருக்குல்ல, அது தண்ணி குடிக்கும். கிலோவுக்கு அரை டம்ளர் கூட ஊத்துங்க மாஸ்டர்" என்றாள் என் மனைவி சுகப்பிரியா.

மறுநாள் ஊற்றினார். மாவு கையில் ஒட்டியது. ஒட்டுகிற மாவைக் கண்டால் அந்த மனுசனுக்குப் பொறுக்காது. நாலு கை மாவை அள்ளிப் போட்டுப் பிசைந்துவிட்டார். அரை மணி நேரத்தில் மறுபடியும் கல்லாக இறுகிவிட்டது.

மூன்றாம் நாள் அவர் பிசைந்து முடித்ததும் சுகப்பிரியா மாவு டின்னின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

"எந்திரிங்கக்கா, ஒட்டுது!"

"ஒட்டட்டும். தவிடு மெதுவாத்தான் இழுக்கும்."

அவர் என்னைப் பார்த்தார். நான் ரோட்டைப் பார்த்தேன்.

அரை மணி கழித்து, மேலே போர்த்தியிருந்த ஈரத்துணியை விலக்கினால், மாவு ஒட்டாமல் மெத்தென்று கிடந்தது. அன்றைக்கு ஒரு பரோட்டாகூட மிஞ்சவில்லை.

கடை சாத்தும்போது பால்பாண்டி அவளிடம் வந்தார். "நாளைக்கும் வந்து உக்காந்துருங்கக்கா. எனக்கு வெவரம் புரிஞ்சிருச்சு. இந்தக் கைக்குத்தான் இன்னும் புரியல."