அரக்கு உடையாத கூடு

கண்ணகை அம்மன் முன்னால் கற்பூரத்தை உள்ளங்கையில் அணைத்துச் சொல்கிறேன்: இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. முதலை என் குடையைத் திருப்பிக் கொண்டுவந்து தந்த கதையை நம்பாதவர்களும் இதை நம்பலாம்.

உயர்தரப் பரீட்சை. குருக்கள்மடம் பக்கத்தில் ஒரு பாடசாலை மண்டபம். நான் நோக்குநர்; சேவையில் இருக்கும் ஆசிரியர்களை மட்டும்தான் அதற்குப் போடுவார்கள். நோக்குநரின் வேலை, பிள்ளைகள் எழுதும்போது வாங்குகளுக்கு நடுவே நடந்துகொண்டிருப்பது. உட்காரக் கூடாது, வாசிக்கக் கூடாது, பக்கத்து நோக்குநரோடு கதைக்கக் கூடாது. மூன்றாவது மணித்தியாலத்தில் என் கால்கள் எனக்கு முன்பே வீட்டுக்குப் போய்விடும். நான் பிறகு போய் அவற்றை எடுத்து மாட்டிக்கொள்வேன். மண்டபத்தில் இருந்த ஒரே மின்விசிறி அவ்வளவு மெதுவாகச் சுற்றும். அதன் இறகில் ஒரு பல்லி குடியிருந்தது. அதற்குத் தலை சுற்றியதாக நான் ஒருநாளும் காணவில்லை.

அன்று இரசாயனவியல் இரண்டாம் வினாத்தாள். வெயிலில் வாவி கொதித்து, மீன்கள் அவிந்த மணம் யன்னலால் வந்துகொண்டிருந்தது. என்னோடு கடமையில் இருந்தவர் றஸீனா ரீச்சர். மண்டபத்துக்கு மேற்பார்வையாளர் உதயரூபன், வேறொரு பாடசாலையின் அதிபர். பரீட்சை முடிந்ததும் விடைத்தாள் பொதியை இணைப்பு நிலையத்தில் ஒப்படைக்கவேண்டியது அவர் பொறுப்பு. அதனால் பரீட்சை தொடங்கும்போதே முடிந்துவிட்ட முகத்தோடு இருப்பார்.

பாதி நேரம் போயிருக்கும். யன்னலோர வாங்கில் எழுதிக்கொண்டிருந்த ஒரு பிள்ளையின் கழுத்துக் கயிறு வியர்வையில் ஊறி அறுந்தது. செப்புக் கூடு ஒன்று நிலத்தில் விழுந்து, உருண்டு, றஸீனா ரீச்சரின் செருப்பில் முட்டி நின்றது.

அது அச்சரக்கூடு. மந்திரம் எழுதிய தகட்டையோ தாளையோ உள்ளே வைத்து மூடிக் கழுத்தில் கட்டுவது. அதிலொன்றும் அதிசயமில்லை, அந்த மண்டபத்தில் கூடு கட்டாத பிள்ளையைத் தேடித்தான் பிடிக்கவேண்டும். அதிசயம் அதன் அளவு. பிள்ளையின் பெயர் தனுஷியா, செட்டிபாளையத்தாள். மூன்றாம் தரம் எழுதுகிறாள். அதற்கு மேல் எழுத விடமாட்டார்கள். முதல் தரம் தாய் கட்டியது நெல்மணி அளவு. இரண்டாம் தரம் கச்சான் கொட்டை அளவு. இம்முறை கட்டியது பேனை மூடியைவிடப் பெரிது. அதைச் சுமந்தே பிள்ளை கொஞ்சம் கூனிப்போயிருந்தாள்.

உதயரூபன் எழும்பி வந்தார்.

"என்ன ரீச்சர் இது?"

"கூடு சேர். எங்கட ஆக்களும் கட்டுறதுதான். ஆனா இந்த சைசில நான் கண்டதில்ல."

"இதுக்குள்ள ஒரு கொப்பியே வைக்கலாம். திறந்து பாருங்க."

றஸீனா ரீச்சர் அதை மேசையில் வைத்தார். திறக்கவில்லை. "சேர், நீங்கதானே பெரியவர்" என்றார்.

உதயரூபன் விஞ்ஞானப் பட்டதாரி. மந்திரம், சூனியம் எல்லாம் மூளை வேலைசெய்யாதவர்களுக்கு என்று ஆசிரியர் அறையில் பலமுறை சொன்னவர். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"சாமித்தம்பி சேர், நீங்க திறவுங்க. உங்களுக்கு வயசாகிட்டு."

"வயசானவனுக்குச் சூனியம் பிடிக்காதா?"

"பிடிச்சாலும் கனகாலம் இருக்காதுதானே சேர்."

நான் கோபிக்கவில்லை. நிற்பதற்கே பலமில்லாதவன் கோபத்துக்கு எங்கே போவான். கூட்டைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். இரண்டு வாயும் சிவப்பு அரக்கால் அடைக்கப்பட்டிருந்தன. அரக்கில் கீறல் இல்லை, நகம் பட்ட அடையாளம் இல்லை.

"முதல்ல எழுதுவம். பிறகு திறப்பம்" என்றேன்.

"எழுத என்ன இரிக்கி? மறைச்சு வச்ச குறிப்போட பிடிபட்டார். ஒரு வரி."

"குறிப்பு உள்ளுக்கு இரிக்கெண்டு நாம இன்னும் காணல்லயே."

"சேர், பொதி கொண்டு போகணும். மனிசனைக் கொல்லாதீங்க."

நான் பேனையை எடுத்துத் தாளில் எழுதினேன்: "பரீட்சார்த்தியின் கழுத்திலிருந்து விழுந்த செப்புக் கூடு. இரு முனைகளும் அரக்கால் அடைக்கப்பட்டிருந்தன. கைப்பற்றும்போது அரக்கு உடைந்திருக்கவில்லை." அதற்குக் கீழே கையொப்பமிட்டேன். றஸீனா ரீச்சர் அரக்கை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத் தானும் இட்டார். அதற்குப் பிறகுதான் கவராயக் கூரால் அரக்கைக் குத்தினேன். அரக்கு உடைந்த அதே நேரம் மின்சாரம் போனது. பல்லி விசிறியிலிருந்து இறங்கி, மண்டபத்தை விட்டு வெளியே நடந்து போனது.

"இதையும் எழுதட்டா?"

"வேணாம் சேர்" என்றார் உதயரூபன். அவர் குரல் கொஞ்சம் மெலிந்திருந்தது.

உள்ளே இறுக்கிச் சுருட்டிய தாள். விரித்தேன். ஒரு பக்கத்தில் கட்டங்கள், கட்டத்துக்குள் எழுத்துகள், நடுவில் ஒரு சூலம். மற்றப் பக்கத்தைத் திருப்பினேன். சின்னச் சின்னக் கையெழுத்தில் சேதன இரசாயனம். தாக்கங்கள், அம்புக்குறிகள், சோதனைப்பொருட்கள். உதயரூபன் வினாத்தாளை எடுத்து எட்டாம் வினாவைப் பார்த்தார். பிறகு தாளைப் பார்த்தார்.

"அப்படியே இரிக்கி" என்றார்.

தனுஷியா வாங்கிலிருந்து அசையாமல் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அருகே போய்க் கேட்டேன். மற்றப் பிள்ளைகள் தலை நிமிராமல் காதை மட்டும் எங்கள் பக்கம் நீட்டினார்கள்.

"இந்தக் கையெழுத்து யார்ர, மகள்?"

"என்ட சேர்."

"இதை உள்ளுக்கு வச்சது?"

"அம்மா கட்டிவிட்டவ. உள்ளுக்கு என்ன இரிக்கெண்டு எனக்குத் தெரியா சேர். நான் திறக்கல்ல."

"சரி. அதை எழுதித் தா. பிறகு பேப்பரைச் செய்."

"இனி என்னத்துக்கு சேர்?"

"நேரம் இரிக்கிதானே. என்னைப் பார், நானும் ஏலாமத்தான் நிக்கிறன்."

அப்படிப் பிடிபட்டவர்களை எழுந்து போகச் சொல்வதில்லை. பொருளை எடுத்து, பிள்ளையின் வாக்குமூலத்தை வாங்கி, எழுத விட்டு, அறிக்கையோடு கொழும்பில் பரீட்சைத் திணைக்களத்துக்கு அனுப்பவேண்டும். குற்றமா இல்லையா என்று சொல்வது அவர்கள். குற்றமென்று சொன்னால் பெறுபேறு போகும், சில வருடங்கள் எந்தச் சோதனையும் எழுத முடியாது. அவள் வாக்குமூலம் எழுதினாள். பிறகு விடைத்தாளுக்கு மேல் குனிந்தாள்.

பரீட்சை முடிந்து படலையடியில் தாய் புஸ்பம் நின்றிருந்தா. இடியப்பம் அவித்து விற்கிறவ; கையில் மா இன்னும் காயவில்லை. மகள் சொல்லியிருக்கவேண்டும். என்னைக் கண்டதும் ஓடி வந்தா.

"சேர், நான்தான் குடுத்த. பூசாரியார் சொன்னவர், வெறும் தாளில சக்தி நிக்காதாம், பிள்ள கையால எழுதின தாள் வேணுமாம். நான் மேசையில நிறைய எழுதியிருந்ததாப் பார்த்து எடுத்துக் குடுத்தன். நிறைய எழுத்திருந்தா நிறையச் சக்தி எண்டுதானே சேர்."

"அந்தத் தாளைத்தான் நான் ஒரு கிழமையாத் தேடினன்" என்றாள் தனுஷியா, வேறு எங்கோ பார்த்தபடி.

"கேட்டிருந்தா சொல்லியிருப்பன்தானே."

"கேட்ட நான். குப்பையில போயிருக்கும் எண்டு சொன்ன நீங்க."

"மந்திரத்தை வெளியில சொல்லக் கூடாதுகா" என்றா தாய். பிறகு என் கையைப் பிடித்தா. "எழுதுங்க சேர், தாய்தான் குடுத்ததெண்டு. என்னைப் பொலிசில குடுத்தாலும் பரவாயில்ல."

"அக்கா, நான் கண்டதை மட்டும்தான் எழுதலாம். நீங்க குடுத்ததை நான் காணல்ல."

"அப்ப என்னத்தைக் கண்ட நீங்க?"

"அரக்கைக் கண்டன்."

அவவுக்கு அது போதவில்லை. எனக்கும் அப்போது போதுமென்று தெரியாது.

உள்ளே உதயரூபன் அறிக்கைக்காகக் காத்திருந்தார். "சேர், முதலைக் கதை மாதிரி நீட்டிராதீங்க. கொழும்பில வாசிக்கிறவன் நம்பணும்" என்றார். என் வாழ்க்கையில் மிகச் சிரமப்பட்டு எழுதியது அந்த அறிக்கைதான். ஒரு சொல் கூட்ட முடியாது. பல்லி தானாகப் பேனை நுனியில் வந்து நின்றது, எழுதாமல் விரட்டினேன். கூடு அரக்கோடு இருந்தது, எங்கள் முன்னால் உடைக்கப்பட்டது, தாளில் ஒரு பக்கம் யந்திரம், மறுபக்கம் பாடம், எட்டாம் வினாவோடு தொடர்பு காணப்படுகிறது, பரீட்சார்த்தி தாளைப் பார்ப்பதை நோக்குநர் எவரும் காணவில்லை. அவ்வளவுதான். உதயரூபன் இரண்டு தரம் வாசித்தார்.

"எட்டாம் வினாவை ஏன் போட்ட நீங்க? பிள்ளையைக் காப்பாத்தப் பார்க்கிறீங்க எண்டு நினைச்சன்."

"இரிக்கிதானே."

"இரிக்கி" என்று பெருமூச்சு விட்டுக் கையொப்பமிட்டார். தாளும் கூடும் உடைந்த அரக்குத் துண்டுகளும் ஒரே உறையில் போயின.

மற்றப் பிள்ளைகளுக்குப் பெறுபேறு வந்தது. தனுஷியாவுக்கு வரவில்லை, நிறுத்தி வைத்திருந்தார்கள். அந்த நாட்களில் புஸ்பத்தின் இடியப்பம் கல்லாக இருந்தது. ஒன்றை எறிந்து நான் கல்குடா வரை போகும் பஸ்ஸையே நிற்பாட்டியிருக்கிறேன். பிறகு விசாரணைக்குக் கடிதம் வந்தது. தாயும் மகளும் இரவு ரயிலில் கொழும்புக்குப் போனார்கள்.

அங்கே கண்ணாடி போட்ட ஒரு உத்தியோகத்தர் அறிக்கையை எடுத்து வாசித்தாராம். மொழிபெயர்த்துச் சொல்ல ஒருவர் பக்கத்தில் இருந்தாராம். "அரக்கு உடைந்திருக்கவில்லை" என்ற வரியில் நிறுத்தி, உறையிலிருந்து துண்டுகளைக் கொட்டிப் பொருத்திப் பார்த்தாராம். பிறகு அவளுடைய விடைத்தாளை வரவழைத்தார்.

"எட்டாம் வினாவுக்கு எங்கே விடை?"

"செய்யல்ல சேர்."

"ஏன்?"

"தெரியா சேர். அந்தத் தாளைத் தேடிக் கிடைக்கல்ல. அந்தப் பகுதியில மூண்டில ரெண்டு செய்தாப் போதும், ஒன்பதையும் பத்தையும்தான் செய்த நான்."

உத்தியோகத்தர் அவளையும் தாயையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஒரு பிள்ளை தேவையான விடையைக் கழுத்தில் கட்டிக்கொண்டு அந்த வினாவை விட்டுவிட்டு வந்த வழக்கு இதுதான் முதல் என்றாராம். அடுத்த மாதம் பெறுபேறு வந்தது. இரசாயனவியலுக்குச் சி. தாய் அதைப் பூசாரியாருக்குக் காட்டினா. இரண்டு பக்கமும் எழுத்து இருந்திருந்தால் ஏ வந்திருக்கும், யந்திரம் ஒரு பக்கத்தை எடுத்துவிட்டது என்று அவர் விளக்கம் சொன்னார்.

தனுஷியா இப்போது வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்துக்குப் போய்வருகிறாள். வழியில் கண்டால், "சேர், கால் எப்பிடி?" என்று கேட்பாள். "வீட்டில இரிக்கி" என்பேன்.

அந்தப் பரீட்சை நடந்தபோது நான் சேவையிலிருந்து ஓய்வுபெற்று ஆறு வருடங்கள் ஆகியிருந்தன.