ஆக்குபேஷனுக்குச் சான்று

1973இல் அடையாற்றங்கரைக் குடிசைக்காரர்களுக்கு மாற்று வீடு கொடுப்பதென்று முடிவானது. ஆங்கிலத்தில் தயாரான நோட்டீஸைத் தமிழாக்கும் வேலை, ஆழ்வார்பேட்டை அலுவலகம் ஒன்றின் மொழிபெயர்ப்பாளர் மாணிக்கவாசகத்திடம் வந்தது. அவர் தமிழ் எம்.ஏ. அகராதியைத் தொடாமலே மொழிபெயர்ப்பார். அதில் அவருக்கு ஏகப் பெருமை.

குடியிருப்பவர்கள் 'ப்ரூஃப் ஆஃப் ஆக்குபேஷன்' கொண்டுவர வேண்டும் என்றது நோட்டீஸ். விண்ணப்பங்களில் பெயர், வயது, ஆக்குபேஷன் என்று பார்த்துப் பழகிய கண். "தொழிலுக்கான சான்றுடன் திங்களன்று நேரில் வரவும்" என்று எழுதிவிட்டு டீ குடிக்கப் போனார்.

திங்களன்று ஜனம் சொன்னபடி வந்தது. ரகுபதி சைக்கிள் ரிக்‌ஷாவை வராந்தாவில் ஏற்றிவிட்டான். பொன்னுரங்கம் ஈர மீன்வலையை அதிகாரி சண்முகவேலின் மேஜைமேல் பரப்பினார். செண்பகம் இட்லிக் குண்டானோடு நின்றாள்.

"என்னம்மா இது?" என்றார் அதிகாரி.

"நீங்கதானே சார் சாட்சி கேட்டீங்கோ? ரெண்டு துன்னு பாருங்கோ."

சண்முகவேல் மாணிக்கவாசகத்தைக் கூப்பிட்டார். "அந்த இடத்துல குடியிருக்காங்களான்னு கேட்கச் சொன்னா, என்ன பிழைப்புன்னு கேட்டிருக்கீரே ஐயா!"

ஆக்குபேஷனுக்கு வேறு அர்த்தமும் உண்டென்ற செய்தி மாணிக்கவாசகத்தை அன்றுதான் எட்டியது. அகராதியைத் திறந்தார். படையெடுத்து நாட்டைப் பிடிப்பதற்கும் அதே சொல்தானாம். அதுதான் கம்பீரமாகப் பட்டது. மறுவாரம் படிவம் அச்சாகி வந்தது: "இந்நிலத்தை நான் ஆக்கிரமித்துள்ளேன் என உறுதி கூறுகிறேன்." கீழே கைநாட்டுக்கு இடம்.

ரகுபதி கட்டைவிரலில் மை தடவிவிட்டான். மூன்றாங் கிளாஸ் வரை படித்த செண்பகம் அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"ஆக்கிரமிப்புன்னா இன்னா சார்?"

மாணிக்கவாசகம் குரலைத் தாழ்த்தினார். "அது... அத்துமீறிப் பிடிச்சுக்கறது."

"திருடினேன்னு நானே எழுதிக் குட்த்தா வூடு தருவீங்களா, ஜெயில் தருவீங்களா?"

"இங்கிலீஷ்ல எல்லாத்துக்கும் ஒரே வார்த்தைதாம்மா."

"இருக்கட்டும். வெள்ளைக்காரனா வந்து கைநாட்டு வெக்கப் போறான்?"

வரிசையில் சிரிப்பு எழுந்தது. மாணிக்கவாசகத்துக்குக் காது சிவந்தது. நிலப் பத்திரங்களில் இடம் ஒருவர் வசம் இருப்பதை 'அனுபவம்' என்றுதானே எழுதுகிறார்கள் என்று மெல்ல ஆரம்பித்தார்.

"அனுபவச் சான்றா?" என்றார் சண்முகவேல். "எந்தக் கம்பெனியில வேலை பார்த்தேன்னு சர்டிபிகேட் தேடி ஓடுவாங்க. பேசாம இரும்."

வேறு வழியில்லாமல் மாணிக்கவாசகம் செண்பகத்தைக் கேட்டார். "நீங்க அங்க இருக்கறதை எப்படிச் சொல்வீங்க?"

"பதினோரு வருஷமா குடியிருந்துக்கினு கீறோம். இதுல இன்னா சார் கஷ்டம்?"

படிவம் மறுபடி அச்சானது: "குடியிருப்புக்கான சான்று." ஜனம் ரேஷன் கார்டுகளோடு வந்தது. ஒரே காலையில் பட்டியல் முடிந்தது.

எளிய தமிழைக் கையாண்டதற்காக அந்த மாதமே பாராட்டுக் கடிதம் வந்தது, மாணிக்கவாசகத்துக்கு. செண்பகத்துக்கு வீடு வர இன்னும் இரண்டு வருஷம் ஆயிற்று.