கிரெட்டா ஹால்வர்சன், வயது முப்பத்தெட்டு

பந்தல் துணியைக் கொண்டுவந்து போட்ட மனிதர் கத்தக்கூட இல்லை. நாலாக மடித்து, கயிறு கட்டி, வாசல் படியில் வைத்துவிட்டு மணியை அடித்தார். டிவியில் வானிலை சொல்லும் ரோவீனா கதவைத் திறந்ததும் தொப்பியைக் கழற்றினார்.

"சனிக்கிழமை காத்து இருக்காதுன்னு டிவில சொன்னீங்க. என் பொண்ணு கல்யாணம். பந்தல் ஏரியைப் பாக்கப் பறந்துடுச்சு. இது உங்ககிட்ட இருக்கறதுதான் நியாயம்னு தோணுச்சு."

"ரொம்ப வருத்தமா இருக்குங்க," என்றாள் ரோவீனா. அவர் தலையாட்டிவிட்டுப் போனார். மினசோட்டாவின் ஏரிக்கரை ஊரான துலூத் நகரத்துக் கோபம் இதைவிட உரக்கப் பேசாது. அவள் கணவன் கர்ட்டிஸ் துணியைப் பிரித்துப் பார்த்து, "நல்ல துணி," என்று சொல்லி விறகுக் குவியலின் மேல் போர்த்தினான். அதோடு அது சிரித்து மறக்கிற கதையாகியிருக்கும்.

ஆனால் அடுத்த வாரம் ஒரு காலையில், குளியல் அங்கியோடு காபி ஊற்றிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தபோது, சமையலறை ஜன்னலுக்கு வெளியே முன்பின் தெரியாத ஒருவன் செல்ஃபோனை உயர்த்திப் பிடித்துச் சிரித்துக்கொண்டு நின்றான். அவளோடு ஒரு படம் எடுத்துக்கொள்ள வந்த ரசிகனாம். விலாசம் இணையத்தில் கிடைத்ததாம். கெட்டவன் இல்லை. ஆனாலும் அன்று முழுக்க அவளுடைய கை ஜன்னல் திரையையே தேடிப் போனது. கேமராவுக்கு முன்னால் எந்த ரோவீனா வெளியே போக வேண்டும் என்று அவள்தான் முடிவு செய்வாள். ஜன்னலில் தெரிந்தவளை யாரும் அவளிடம் கேட்டு எடுத்துக்கொள்ளவில்லை.

டிவி நிலைய மேலாளரிடம் அவள் சொல்லிவிட்டாள்: பனிக்காலம் தொடங்குவதற்குள் என் வீட்டு விலாசம் இணையத்திலிருந்து போகவில்லையென்றால், எனக்குத் திரைக்குப் பின்னால் ஒரு நாற்காலி கொடுத்துவிடுங்கள். சொல்லும்போது தெளிவாகத்தான் சொன்னாள். காருக்குள் வந்து உட்கார்ந்த பிறகுதான் எதைப் பணயம் வைத்தோம் என்று உறைத்தது. இருபது வருடங்களாக அந்த வானிலை வரைபடத்தின் முன்னால் நின்று கையை வீசிப் பேசுவதைவிட அவளுக்குப் பிடித்த வேலை எதுவும் இருந்ததில்லை.

இத்தனைக்கும் அவள் கவனமானவள். டிவியில் அவள் பெயர் ரோவீனா ஃபால்க், பிறந்த வீட்டுப் பெயர். வீடு கர்ட்டிஸ் ஹால்வர்சன் பெயரில் இருந்தது. வரி அலுவலகப் பதிவைத் தோண்டினாலும் அங்கே ஃபால்க் கிடையாது. இந்த இரண்டு பெயர்களையும் யாரோ முடிச்சுப் போட்டிருந்தார்கள். ஆள் தேடும் தளங்கள் ஒன்றுவிடாமல் அதைக் காட்டின: ரோவீனா ஃபால்க், ரோவீனா ஹால்வர்சன் என்றும் அழைக்கப்படுபவர். வயது, தொலைபேசி, தெரு, வீட்டு எண்.

அவற்றை நீக்க ஊர் நூலகத்தில் நூலகர் ட்ரூடி உதவினாள். வியாழக்கிழமை மதியங்களில் அவளுடைய மேஜையைச் சுற்றி இதே வேலைக்காக வந்த நர்சுகளும் பள்ளி ஆசிரியைகளும் மடிக்கணினியோடு உட்கார்ந்திருப்பார்கள். யாராவது எலுமிச்சை பார் என்ற புளிப்பு கேக் துண்டுகளைச் சுட்டுக் கொண்டுவருவார்கள்.

"பக்கத்தோட அடி வரைக்கும் போங்க," என்பாள் ட்ரூடி. "இன்னும் கீழ. எறும்பு எழுத்துல இருக்கும், 'என் தகவலை நீக்கு'ன்னு. உங்க பக்கத்தோட முகவரிய அங்க ஒட்டுங்க. ஐயோ, உங்க சொந்த ஈமெயில் வேண்டாம்மா! அதையும் தூக்கி வித்துடுவானுங்க. இதுக்குன்னே தனியா ஒண்ணு வச்சுக்கோங்க. அவன் அனுப்பற லிங்க்க அமுக்கினாத்தான் கணக்கு, மறந்துடாதீங்க."

கோடையில் ரோவீனா ஒவ்வொரு தளமாக நீக்கி முடித்தாள். எல்லாம் போய்விட்டது. மேப்பிள் இலை சிவந்தபோது எல்லாம் திரும்பி வந்துவிட்டது.

"நாம நகலைத்தான் அழிச்சிருக்கோம்," என்றாள் ட்ரூடி, மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிக்கொண்டு. "எதைப் பாத்து எழுதறானுங்களோ அது இன்னும் எங்கயோ திறந்து கிடக்கு. மறுபடி அதையே பாத்து எழுதறானுங்க." திரையை நகர்த்திக்கொண்டே போனவள் நின்றாள். பிறகு நாற்காலியை ரோவீனாவின் பக்கம் இழுத்து, குரலைத் தாழ்த்தினாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க. எனக்குத் தேவையில்லாத விஷயம். உங்க வீட்டுல இன்னொரு லேடி இருக்காங்களா?"

"இல்லையே."

"புதுசா வந்த எல்லாத்துலயும் 'உறவினராக இருக்கலாம்'னு ஒரு பேர் போட்டிருக்கு. கிரெட்டா ஹால்வர்சன். வயசு முப்பத்தெட்டு. உங்க விலாசமேதான்." ட்ரூடி பார்வையை எலுமிச்சை பார் தட்டின் மேல் வைத்துக்கொண்டாள். "கர்ட்டிஸ் நல்ல மனுஷன்னுதான் நான் எப்பவும்..."

ரோவீனாவுக்குச் சிரிப்பு வயிற்றிலிருந்து கிளம்பியது. பக்கத்து மேஜையில் ஒரு நர்ஸ் திரும்பிப் பார்த்தாள்.

"கிரெட்டா எங்க நாய், ட்ரூடி."

"நாயா! நாய்க்கு எப்படி முப்பத்தெட்டு வயசு?"

எப்படி என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்தது. சமூக வலைத்தளம் ஒன்றில் கிரெட்டாவுக்கு ஒரு பக்கம் இருந்தது. குழந்தைகள் கணக்குத் தொடங்க முடியாது என்பதால் யாரோ அவளுக்கு ஒரு பெரிய மனுஷியின் பிறந்த வருடத்தைக் கொடுத்திருந்தார்கள். குடும்பம் என்ற இடத்தில் கர்ட்டிஸும் ரோவீனா ஃபால்க்கும். பூட்டே கிடையாது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். வாசல் படியில் கிரெட்டா உட்கார்ந்திருக்கும் படத்தில் தலைக்கு மேலே வீட்டு எண் பளிச்சென்று தெரிந்தது. தொள்ளாயிரம் பேர் அவளைப் பின்தொடர்ந்தார்கள்.

"இதாம்மா உங்க முடிச்சு," என்றாள் ட்ரூடி.

ரோவீனா படங்களுக்குக் கீழே கிரெட்டாவே பேசுவதைப் போல எழுதியிருந்ததைப் படிக்கத் தொடங்கினாள்.

'இன்னைக்கு அவ வடக்குக் காத்துன்னு சொன்னா. வடக்குக் காத்துதான் அடிச்சுது. ஊர்ல ஒருத்தரும் ஃபோன் பண்ணி சபாஷ் சொல்லல. நான் வாலை ஆட்டினேன்.'

'அவ டிவில வந்தா கிழவன் சத்தத்தைக் கூட்டி வச்சுட்டு சமையலறைக்குப் போயிடறான். பாக்கறதுக்கு இல்லையாம். அவ குரல் வீடு பூரா இருக்கணுமாம்.'

'பச்சைக் கோட்டு போட்டுட்டுப் போயிட்டா. வரைபடம் காட்டற பச்சைத் திரைல பச்சையா இருக்கறதெல்லாம் மறைஞ்சுடுமாம், உடம்பே காணோம், தலையும் கையும் மட்டும் மினசோட்டா மேல மிதக்குது. எல்லாரும் சிரிச்சாங்க. அவளும் சிரிச்சா, ஆனா வீட்டுக்கு வந்து அழுதா. கிழவன் கோட்டை ஒளிச்சு வச்சுட்டான்.'

இரண்டு வருடங்களாக அந்தக் கோட்டைத் தொலைத்ததாக ரோவீனா சலவைக் கடைக்காரரை மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தாள். அந்த வீட்டில் கர்ட்டிஸைத் தவிர வேறு கிழவன் கிடையாது.

ட்ரூடி எழுந்து காபி எடுக்கப் போனாள்.

ரோவீனாவுக்கு வந்தது என்ன உணர்ச்சி என்று அவளாலேயே சொல்ல முடியவில்லை. முப்பது வருட மணவாழ்க்கையில் கர்ட்டிஸின் வாயிலிருந்து வந்த உச்சபட்ச பாராட்டு "பரவால்ல". புது வீடு பரவால்ல. நிலையத்து விருது பரவால்ல. சரக்குக் கப்பல்களின் எஞ்சின் அறையில் வாழ்ந்தவன், அங்கே யாரும் யாரிடமும் பேசிக்கொள்ள முடியாது என்று அவள் தனக்குத்தானே சமாதானம் சொல்லிவந்திருக்கிறாள். அந்த மௌனத்துக்குள் ஒன்றுமில்லை என்று சில இரவுகளில் நம்பியும் இருக்கிறாள். இருந்திருக்கிறது. தொள்ளாயிரம் அந்நியர்கள் அவளுக்கு முன்னால் அதைப் படித்திருக்கிறார்கள். சந்தோஷம் ஒரு பக்கம் பொங்கியது. இன்னொரு பக்கம், தன் பிறந்தநாள் விருந்துக்குத் தன்னை மட்டும் அழைக்காததைப் போல் இருந்தது.

வீட்டில் கர்ட்டிஸ் காட்டரிசி சூப்பைக் கிளறிக்கொண்டிருந்தான். காலடியில் கிரெட்டா.

"கர்ட்டிஸ், என் பச்சைக் கோட்டு எங்க?"

கரண்டி நின்றது. "எந்தப் பச்சைக் கோட்டு?"

"கிரெட்டாவுக்குத் தெரியும்னு கேள்விப்பட்டேன்."

அவனுடைய காதுகள் முதலில் சிவந்தன, பிறகு கழுத்து. கிரெட்டா தன் பெயரைக் கேட்டு எழுந்து நின்று இருவரையும் பார்த்தாள்.

"சும்மா எழுதினது, ரோ. கப்பல்ல கூட வேலை பாத்த பசங்க நாலு பேரு பாப்பாங்கன்னு..."

"தொள்ளாயிரம் பேரு பாக்கறாங்க. ஆள் தேடற தளத்துக்காரங்களும் பாக்கறாங்க. என் பேரையும் இந்த வீட்டையும் அங்கேர்ந்துதான் எடுத்திருக்காங்க."

அவன் அடுப்பை அணைத்தான். "அப்ப பந்தல்காரர்?"

"ஆமா."

"ஜன்னல்ல நின்னவன்?"

"ஆமாடா."

கர்ட்டிஸ் கையைத் துடைத்துக்கொண்டு நேராக மடிக்கணினியிடம் போனான். அவன் விரல் 'கணக்கை அழி' என்ற இடத்துக்கு மேலே நின்றபோது ரோவீனா அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அழிக்காத."

"உன் வேலை போயிடும், ரோ."

"பூட்டினா போதும். அழிக்கணும்னு யாரு சொன்னா? ஊருக்கெல்லாம் சொன்ன. எங்கிட்ட ஒரு நாள் சொல்லியிருக்கலாம்ல?"

அவன் வெகுநேரம் நாயின் தலையைத் தடவினான். "உங்கிட்ட சொன்னா நீ என்னைத் திரும்பிப் பாப்ப. அப்ப நான் மூஞ்சிய எங்க வச்சுக்கறது?"

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்ததில் விக்கல் எடுத்தது. அவன் பதறிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தான்.

சூப் ஆறியது. இருவரும் ட்ரூடி சொல்லியனுப்பிய வரிசைப்படி வேலை செய்தார்கள், முதலில் மூலம், பிறகு நகல்கள். பழைய பதிவுகளை எல்லாம் நண்பர்களுக்கு மட்டும் என்று மாற்றினார்கள். குடும்பப் பெயர்களை எடுத்தார்கள். வீட்டு எண் படம் போனது. தேடுபொறிகள் பக்கத்தைக் காட்டக் கூடாது என்ற இடத்தில் குறியிட்டார்கள். பின்தொடர்ந்தவர்களைக் கர்ட்டிஸ் ஒவ்வொருவராக நீக்கினான்.

"எஞ்சின் ரூம் பசங்கள மட்டும் வச்சுக்கவா?"

"அவங்களுக்கு ஃபோன் பண்ணிப் பேசு. வாய் இருக்குல்ல?"

அடுத்த வியாழக்கிழமை கர்ட்டிஸும் நூலகத்துக்கு வந்தான். நீக்கும் வேலை மறுபடி முதலிலிருந்து நடந்தது, இந்த முறை கிரெட்டாவுக்கும் சேர்த்து. ஒரு தளம் தொலைபேசியில் கூப்பிட்டு ரகசிய எண் சொன்னது. இன்னொரு தளம் கிரெட்டா ஹால்வர்சனின் ஓட்டுநர் உரிமத்தைப் படமெடுத்து அனுப்பச் சொன்னது.

"அவ ஓட்டறதில்லையே," என்றான் கர்ட்டிஸ், முகம் மாறாமல்.

நர்சுகள் மேஜையில் தலை வைத்துச் சிரித்தார்கள். ட்ரூடி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எதையும் அனுப்பாதீங்க. இது நாயோட பேரு, மனுஷங்க கிடையாது, எடுத்துடுங்கன்னு ஒரு வரி போடுங்க. போதும்." ஒரு வாரம் கழித்து, ஹால்வர்சன் அம்மையாருக்கு வருத்தம் தெரிவித்து அவர்கள் எடுத்துவிட்டார்கள்.

தேடுபொறியில் தங்கியிருந்த பழைய சுவடுகளுக்கும் தனியாக விண்ணப்பித்தார்கள். அக்டோபர் கடைசியில் ட்ரூடி ரோவீனாவின் பெயரை எல்லா வகையிலும் போட்டுத் தேடினாள். நிலையத்துப் படம், ஒரு சமையல் போட்டிச் செய்தி, அவ்வளவுதான்.

"இனி வரவே வராதா?" என்று கேட்டாள் ரோவீனா.

"அப்படிச் சத்தியம் பண்ண மாட்டேன். ரெண்டு மூணு மாசத்துக்கு ஒருக்கா வந்து எட்டிப் பாருங்க. வரும்போது பார் கொண்டுவாங்க."

முதல் பெரும்பனி நவம்பரில் வந்தது. ரோவீனா நீலக் கோட்டில் வரைபடத்துக்கு முன்னால் நின்றாள். வீட்டுச் சமையலறையின் திரை அன்று காலை திறந்தே கிடந்தது. நேரலைக்கு முந்தைய விளம்பர இடைவேளையில் அவள் சட்டைப்பைக்குள் ஃபோன் அதிர்ந்தது. உலகத்தில் ஒரே ஒரு வாசகி இருக்கும் பக்கத்தில் கிரெட்டா எழுதியிருந்தாள்:

'பனி வரும்னு நேத்தே சொன்னா. வந்துடுச்சு. கிழவன் சத்தத்தைக் கூட்டி வச்சுட்டு இன்னைக்கு சமையலறைக்குப் போகல. உக்காந்து பாக்கறான். நீலம் அவளுக்கு ரொம்ப அழகா இருக்காம்.'

"இன்னும் பத்து செகண்டு, ரோவீனா," என்றான் கேமராக்காரன்.

அவள் அவசரமாக விரலை ஓட்டி ஒரே ஒரு சொல்லை எழுதி அனுப்பினாள்.

'பரவால்ல.'

பிறகு நிமிர்ந்து, ஏரிக்கரை முழுவதற்கும் பனி வருகிறது என்று, அதைவிட நல்ல செய்தி உலகத்திலேயே இல்லை என்பது போன்ற முகத்தோடு சொல்லத் தொடங்கினாள்.